சம்பளக் கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்தால் நிதித் தலைவருக்கு ஆடிட்டர் எழுதும் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போகிறீர்கள். பிறகு எதற்குத் தனியாக ஒரு கடிதம்?

அறிக்கை பங்குதாரர்களுக்குப் போகிறது. நிதிநிலைக் கணக்குகள் உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கின்றனவா என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். அந்த வேலையைச் செய்யும்போது உள் கட்டுப்பாடுகளில் கண்ணில் பட்ட ஓட்டைகளை நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்வதற்குத்தான் மேனேஜ்மென்ட் லெட்டர் எனப்படும் இந்தக் கடிதம். நம் நாட்டில் இதற்கான விதி எஸ்ஏ 265 என்ற தணிக்கைத் தரம். முக்கியக் குறைபாடு என்று ஆடிட்டர் கருதுவதை எழுத்தில்தான் தெரிவிக்க வேண்டும். தேநீர் குடித்துக்கொண்டே வாய்வழியாகச் சொல்லிவிட்டு வந்தால் போதாது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் பம்புக்கான வார்ப்படங்கள் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. விளக்கத்துக்காக நான் கட்டிய கற்பனை நிறுவனம்தான். ஆனால் இப்படிப்பட்ட இடத்தைப் பார்க்காத ஆடிட்டர் இருக்கமாட்டார். ஊழியர்கள் 640 பேர். மாதம் சுமார் 1.6 கோடி ரூபாய் சம்பளமாக வங்கிக்குப் போகிறது. ஆண்டு விற்றுமுதல் 140 கோடி. சம்பளப் பிரிவில் ஒரே ஓர் அலுவலர். புதிய ஊழியரை மென்பொருளில் சேர்ப்பவர், வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுபவர், சம்பளம் போடுபவர், வங்கிக்கான கோப்பை எடுத்துத் தளத்தில் ஏற்றுபவர் எல்லாம் அவரே. நிதித் தலைவர் வங்கித் தளத்தில் அங்கீகரிக்கிறார். இனி வரும் பதில்கள் எல்லாம் இந்தக் கம்பெனியை வைத்துத்தான்.

கடிதத்தை யார் பெயருக்கு எழுதுவது? நிதித் தலைவருக்கா, இயக்குநர் குழுவுக்கா?

முக்கியக் குறைபாடு என்றால் இயக்குநர் குழுவுக்கும், தணிக்கைக் குழு இருக்கும் கம்பெனியில் அந்தக் குழுவுக்கும், கட்டாயம் எழுத்தில் போக வேண்டும். அதே விஷயம் உரிய மட்டத்தில் உள்ள நிர்வாகத்துக்கும் போக வேண்டும். சம்பள விஷயத்தில் அந்த மட்டம் பெரும்பாலும் நிதித் தலைவர்தான். சிறிய குறைபாடுகள், ஆனால் நிர்வாகம் கவனிக்க வேண்டியவை, அவரோடு நின்றுவிடலாம்.

நடைமுறையில் நிதித் தலைவரின் பெயருக்கு விரிவான கடிதத்தை எழுதி, முக்கியக் குறைபாடுகளை மட்டும் தனியே தொகுத்துக் குழுவுக்கு அனுப்புவது நல்ல வழக்கம். நாற்பது பக்கத்தைக் குழுவின் முன் வைத்தால் யாரும் நான்காம் பக்கத்தைத் தாண்டமாட்டார்கள். கடிதத்தில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: தணிக்கையின் நோக்கம் கணக்குகள் மீது கருத்துச் சொல்வது, கட்டுப்பாடுகளைப் பார்த்தது அந்த நோக்கத்துக்காக, ஆகவே இதில் இருப்பவை எங்கள் கண்ணில் பட்டவை மட்டுமே, நிறுவனத்தின் எல்லாக் குறைகளும் அல்ல.

விலகிய ஊழியர்களுக்குச் சம்பளமாகப் போனதாகக் கண்டுபிடித்தது ஒன்றரை லட்சம் சொச்சம். 140 கோடி விற்றுமுதலில் அது தூசு. இதையா ‘முக்கியக் குறைபாடு’ என்கிறீர்கள்?

நிதித் தலைவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் இது. நியாயமான கேள்வியும்கூட. ஆனால் குறைபாட்டை அளப்பது ஏற்கெனவே போன பணத்தை வைத்து மட்டும் இல்லை. எவ்வளவு போயிருக்க முடியும், போனால் யாருக்காவது தெரிந்திருக்குமா என்பதுதான் அளவுகோல். பிழையே நடக்காத இடத்திலும் முக்கியக் குறைபாடு இருக்கலாம் என்பது எஸ்ஏ 265-இன் நிலைப்பாடு.

நம் கம்பெனியில் மாதம் 1.6 கோடியும் ஒரே ஆளின் கை வழியாக, ஒரே பாதையில் போகிறது. ஆண்டுக்கு 19 கோடிக்கு மேல். அந்தப் பாதையில் இடையே இன்னொருவர் உண்மையாகப் பார்க்கும் இடம் எதுவும் இல்லை. ரூபாய் 1,62,000 என்பது நாங்கள் தடுக்கி விழுந்த இடம். கடிதம் பேசுவது பாதையைப் பற்றி.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த நிதித் தலைவர் ஒவ்வொரு மாதமும் துறைவாரியாகச் சம்பளச் செலவைப் போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அது நல்ல கட்டுப்பாடு. ஒரு கோடி ரூபாய் கூடுதலாகப் போயிருந்தால் அதில் தெரிந்திருக்கும். ஒருவருக்குத் தவறாகப் போன 24,000 ரூபாய் தெரியாது. இந்த வேறுபாடு வெறும் தர்க்கம் இல்லை. இந்த அளவு விற்றுமுதல் உள்ள கம்பெனிக்கு, கம்பெனிகள் சட்டம் 2013-இன் 143(3)(i) பிரிவின்படி உள் நிதிக் கட்டுப்பாடுகள் மீதும் ஆடிட்டர் தனியாகக் கருத்துச் சொல்ல வேண்டும். நிதிநிலைக் கணக்கையே புரட்டிப்போடும் அளவுக்குப் பலவீனம் இருந்தால் கடிதத்தோடு விஷயம் முடியாது. அந்தக் கருத்தே மாறும். துறைவாரி ஒப்பீடு இருப்பதால்தான் இங்கே ‘முக்கியக் குறைபாடு’ என்ற மட்டத்தில் நிறுத்த முடிகிறது. அந்த ஒப்பீட்டை அவர் உண்மையிலேயே செய்தார் என்பதற்குக் கோப்பில் சான்று இருக்க வேண்டும், அது வேறு கதை.

ஒரு குறிப்பை எப்படி எழுத வேண்டும்? மாதிரி ஒன்று காட்டுங்களேன்.

என்ன பார்த்தோம், ஏன் அப்படி நடக்கிறது, அதனால் என்ன ஆகலாம், என்ன செய்யலாம் என்ற நான்கும் வர வேண்டும். தலைப்புப் போட்டுப் பிரிக்க வேண்டும் என்றில்லை. நம் கம்பெனிக்கான குறிப்பு இது:

> *விலகிய ஊழியர்களுக்குச் சம்பளம் தொடர்ந்து சென்றது.* ஆண்டில் பணியிலிருந்து விலகிய 118 பேரில் 30 பேரின் ஆவணங்களைச் சோதித்தோம். நான்கு பேருக்குக் கடைசி வேலை நாளுக்குப் பின்னும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை சம்பளம் செலுத்தப்பட்டிருக்கிறது. மொத்தம் ரூ.1,62,000. இதில் ரூ.48,900 இறுதிக் கணக்குத் தீர்வில் பிடித்துக்கொள்ளப்பட்டது. ரூ.1,13,100 மார்ச் 31 வரை திரும்ப வரவில்லை.
>
> விலகல் தகவல் ஆலையிலிருந்து தொலைபேசியில் வருகிறது; எழுத்துப் பதிவு இல்லை. மேலும், வருகைக் கருவியில் பஞ்ச் இல்லாத நாளை, விடுப்புக் குறிப்பு வராதவரை, சம்பள மென்பொருள் வேலை நாளாகவே எடுத்துக்கொள்கிறது. எனவே ஒருவர் விலகிய செய்தி வராவிட்டால் அவருக்கு முழுச் சம்பளம் உருவாகிறது.
>
> இதனால் வேலையில் இல்லாதவர்களின் பெயரில் பணம் வெளியேறவும், அது நீண்ட காலம் தெரியாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. வருங்கால வைப்பு நிதிப் பங்களிப்பும் தவறாகச் செலுத்தப்படுகிறது.
>
> பஞ்ச் இல்லாத நாளைச் சம்பளமற்ற நாளாகக் கொள்ளும்படி மென்பொருள் அமைப்பை மாற்றலாம். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி, பஞ்ச் இல்லாத நாட்களின் பட்டியலை மேற்பார்வையாளர்களுக்கு அனுப்பித் திருத்தங்களைக் கையெழுத்துடன் பெறலாம். மீதமுள்ள 88 விலகல்களையும் நிர்வாகம் சரிபார்க்க வேண்டும்.

இந்தக் குறிப்பில் உயிர் இருப்பது இரண்டாவது பத்தியில். அனுபவமில்லாத ஆர்டிகிள் மாணவரிடம் இதே ஆதாரங்களைக் கொடுத்தால், ‘மனிதவளத் துறை விலகல் விவரங்களை உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும்’ என்று எழுதி முடித்துவிடுவார். அதற்கு நிர்வாகம் ‘அறிவுறுத்தப்பட்டது’ என்று பதில் போடும். அடுத்த ஆண்டு அதே நான்கு பேர் வேறு பெயரில் வருவார்கள். தகவல் தாமதமாவது மனித சுபாவம். தகவல் வராதபோது மென்பொருள் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. பஞ்ச் இல்லையென்றால் சம்பளம் இல்லை என்று வைத்துவிட்டால், தவறு நடந்தாலும் அது தானாக வெளியே வரும்: ஒரு நாள் சம்பளம் குறைந்தவர் மறுநாள் காலையிலேயே அலுவலக வாசலில் நிற்பார். கூடுதலாக வந்தவர் ஒருநாளும் வந்து நிற்கமாட்டார்.

30-இல் 4 என்பதை வைத்து 118-க்கு இவ்வளவு இருக்கும் என்று பெருக்கிக் கடிதத்தில் போடாதீர்கள். அந்தக் கணக்கு ஆடிட்டரின் பணித்தாளில் இருக்கட்டும். கடிதத்தில் போட்டால் விவாதம் முழுக்க அந்த எண்ணைச் சுற்றியே போய்விடும். மிச்சத்தை நிர்வாகமே பார்க்கட்டும். அது அவர்களுடைய பணம்.

விலகியவர்களுக்குச் சம்பளம் போவதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, பி.எஃப். பக்கம். மாதாமாதம் வைப்பு நிதித் தளத்தில் ஏற்றும் பங்களிப்புப் பட்டியலையும் விலகல் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலகிய தேதிக்குப் பிறகும் பங்களிப்பு ஓடிக்கொண்டிருந்தால் சம்பளமும் ஓடுகிறது என்று பொருள். மனிதவளத் துறைக்கு வரும் புகார் கடிதங்களும் நல்ல துப்பு. வேலையை விட்டவர் தம் பி.எஃப். பணத்தை எடுக்கப் போகும்போது வெளியேறிய தேதி பதிவாகவில்லை என்று தளம் திருப்பி அனுப்பும். அதை அவரே பதிவுசெய்யலாம்தான், ஆனால் கடைசிப் பங்களிப்புக்குப் பின் இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும். கம்பெனி பங்களிப்பை நிறுத்தாமல் செலுத்திக்கொண்டிருந்தால் அந்த இரண்டு மாதம் தொடங்குவதே இல்லை. அவர் எரிச்சலோடு எழுதும் மின்னஞ்சல், ஆடிட்டருக்குக் கிடைக்கும் இலவசச் சான்று.

இரண்டு ஊழியர்களுக்கு ஒரே வங்கிக் கணக்கு எண் இருப்பதைக் கண்டோம். போலி ஊழியர் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. இன்னும் இல்லை. நம் கம்பெனியிலும் அப்படி ஓர் இணை அகப்பட்டது. விசாரித்தால் கணவன் மனைவி. ஒருவர் உலைப் பிரிவு, ஒருவர் பொதிப் பிரிவு. கூட்டுக் கணக்கு. ஆதார் வேறு, பி.எஃப். எண் வேறு, வெவ்வேறு ஷிப்ட்டில் தனித்தனியாக விரல் பதிவு. கேட்காமல் வரைவில் ‘போலி’ என்ற சொல்லைப் போட்டிருந்தால், உழைத்துச் சம்பாதிக்கும் இரண்டு பேரின் பெயர் கெட்டிருக்கும், கடிதத்தில் உள்ள மற்றவற்றின் மதிப்பும் கூடவே போயிருக்கும்.

ஆனாலும் குறிப்பு காணாமல் போவதில்லை, உருமாறுகிறது. ஒரே எண் இரண்டாம் முறை பதிவானபோது மென்பொருள் எச்சரிக்கவில்லை, யாரும் ஒப்புதல் தரவில்லை என்பது உண்மைதானே? அதை எழுதுங்கள். இந்த முறை விளக்கம் கிடைத்தது. அடுத்த முறை கிடைக்காமலும் போகலாம்.

இதைத் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் திறந்தால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். முன்னால் உள்ள சுழியங்களும் மறைந்துவிடும். உரையாக வைத்திருந்தாலும் `COUNTIF` அதை எண்ணாக்கித்தான் ஒப்பிடும், ஆகவே முதல் 15 இலக்கம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடும். ஒரே கிளையில் ஒரே நாளில் கணக்குத் தொடங்கிய பத்துப் பேரை இப்படித் தவறாகப் பிடிக்கலாம். கணக்கு எண் D நெடுவரிசையில் உரையாக இருக்கட்டும், பிறகு இது:

```
=SUMPRODUCT(--(D$2:D$641=D2))
```

விடை ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்த எண் திரும்ப வந்திருக்கிறது.

அங்கீகரிக்கும் முன் மொத்தத் தொகையையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சம்பளப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறோம். அது போதாதா?

மொத்தமும் எண்ணிக்கையும் சரியாக இருக்கும்போதே பணம் தவறான இடத்துக்குப் போகலாம். சம்பள மென்பொருளிலிருந்து வங்கிக் கோப்பு சிஎஸ்வி வடிவில் ஒரு பொதுக் கோப்புறைக்கு வருகிறது. வங்கித் தளத்தில் ஏற்றும்வரை அது வெறும் உரைக் கோப்பு. யார் வேண்டுமானாலும் திறந்து ஒரு கணக்கு எண்ணை மாற்றிச் சேமிக்கலாம். 640 வரிகள், 1.6 கோடி, இரண்டும் அசையாது. அங்கீகரிப்பவரின் திரையில் தெரிவது அந்த இரண்டு எண்கள்தான். வங்கியும் பொதுவாகக் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கும். பெயர் பொருந்தாவிட்டால் அது நிறுத்திவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. தொகையை E நெடுவரிசையில் வைத்து, ஒவ்வொரு வரியிலும் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைத் தொகையால் பெருக்கிக் கூட்டுங்கள்:

```
=SUMPRODUCT(E$2:E$641,--RIGHT(D$2:D$641,4))
```

கிடைக்கும் எண்ணுக்குத் தனியாகப் பொருள் எதுவும் கிடையாது. மென்பொருளிலிருந்து எடுத்த பதிவேட்டிலும் வங்கியில் ஏற்றிய கோப்பிலும் அது ஒன்றாக வர வேண்டும், அவ்வளவுதான். ரூ.24,300 சம்பளம் போகும் ஒரு கணக்கு 4471-இல் முடிகிறது, அதை யாரோ 4482-இல் முடியும் கணக்காக மாற்றினார்கள் என்றால், இந்த எண் 11 பெருக்கல் 24,300, அதாவது 2,67,300 நகர்ந்துவிடும். வெறுமனே கடைசி இலக்கங்களைக் கூட்டினால் போதாதா என்று கேட்பார்கள். இரண்டு பேரின் கணக்கை ஒருவருக்கொருவர் மாற்றிவைத்தால் வெறும் கூட்டல் அப்படியே இருக்கும். தொகையால் பெருக்கும்போது, இருவரின் சம்பளமும் வேறாக இருந்தால், மாறிவிடும்.

இதன் எல்லையைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். பதிவேட்டின் எண்ணைக் கணக்கிடுபவர் சம்பள அலுவலராக இருக்கக் கூடாது. இருந்தால் இந்தச் சோதனை நாடகம். கணக்கு எண்ணை மென்பொருளின் மூல விவரத்திலேயே மாற்றிவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே தவறான எண்ணைத்தான் காட்டும். அந்த ஓட்டைக்கு வேறு மருந்து: அந்த மாதம் வங்கிக் கணக்கு மாறிய ஊழியர்களின் பட்டியல். 640 பேரில் மாதத்துக்கு ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கையெழுத்திட்ட விண்ணப்பமும் ரத்து செய்த காசோலையோ பாஸ்புக் நகலோ இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். மென்பொருள் நேரடியாக வங்கிக்குக் கோப்பை அனுப்பும் வசதி இருந்தால் இடையில் உள்ள கோப்புறையே தேவைப்படாது. அதுதான் நிலையான தீர்வு.

பிரச்சினையே நிதித் தலைவர் பக்கம் இருந்தால்? அவருக்கே எப்படி எழுதுவது?

வங்கித் தளத்தின் பதிவை எடுத்துப் பார்த்தபோது நம் கம்பெனியில் இது தெரிந்தது: அக்டோபர் சம்பளக் கோப்பு மாலை 6.40-க்கு ஏற்றப்பட்டது. 6.42-க்கு அங்கீகரிக்கப்பட்டது. இரண்டும் ஒரே கணினி முகவரியிலிருந்து. நிதித் தலைவர் அன்று விடுப்பில் சென்னையில் இருந்தார். வங்கித் தளத்தில் அங்கீகரிக்க அவர் பயன்படுத்தும் டோக்கன் சம்பள அலுவலரின் மேசை இழுப்பறையில் இருந்தது. கடவுச்சொல்லும் அந்த அலுவலருக்குத் தெரியும். சம்பளம் தாமதமாகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். இது நாட்டில் நடக்காத அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த ஒரு தகவலோடு மேலே சொன்ன எல்லாமே வேறு எடை பெறுகிறது. தயாரிப்பவர் ஒருவர், அங்கீகரிப்பவர் ஒருவர் என்று காகிதத்தில் இருந்த ஒரே பிரிவினையும் அன்று இல்லை. பணம் சரியாகத்தான் போயிருக்கிறது என்றாலும் கட்டுப்பாடு செயல்படவில்லை.

வரிசை முக்கியம். முதலில் தணிக்கைப் பங்குதாரர் நேரில் சென்று அவரிடம் பேச வேண்டும், இளநிலை ஊழியர்கள் இல்லாத அறையில். பதிவின் நகலைக் காட்டி விளக்கம் கேட்க வேண்டும். இந்தக் கம்பெனியைப் போல அவசரத்துக்குச் செய்த செயல் என்று தெரிந்தால், குறிப்பு அவருக்கு அனுப்பும் கடிதத்திலும் இருக்கும், இயக்குநர் குழுவுக்குப் போகும் தொகுப்பிலும் இருக்கும். அவருடைய நேர்மையிலேயே சந்தேகம் எழுந்தால் அவருக்கு எழுதுவது பொருந்தாது. நேரே இயக்குநர் குழுவுக்குத்தான் போக வேண்டும். எஸ்ஏ 265 இதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

சொற்களில் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். ‘அங்கீகரிக்கும் அதிகாரியின் டோக்கன் அவர் விடுப்பில் இருந்த நாளில், கோப்பை ஏற்றிய அதே கணினியில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது’ என்று தேதியோடும் நேரத்தோடும் எழுதினால் போதும். ‘சில சந்தர்ப்பங்களில் அங்கீகார நடைமுறைகளில் மேம்பாட்டுக்கு வாய்ப்பு உள்ளது’ என்று எழுதுபவர்கள் உண்டு. அதைப் படித்து எந்த இயக்குநராவது ஒரு கேள்வி கேட்டால் ஆச்சரியம்தான். பரிந்துரையும் நேரடியாக இருக்கட்டும்: விடுப்பு நாளுக்கு மாற்று அங்கீகரிப்பாளர் ஒருவரை வங்கியில் பதிவு செய்யுங்கள், இருக்கும் டோக்கனை உடனே முடக்கி வேறு வாங்குங்கள்.

எங்களிடம் ஒரே ஒரு சம்பள அலுவலர். பணிகளைப் பிரிக்கச் சொன்னால் இன்னும் மூன்று பேரை வேலைக்கு எடுக்க வேண்டுமா?

வேண்டாம். ‘பணிப் பிரிவினை தேவை’ என்று மொட்டையாக எழுதும் ஆடிட்டர் மீது நிதித் தலைவர்களுக்கு வரும் கோபம் நியாயமானது. எல்லாவற்றையும் பிரிக்கத் தேவையில்லை, ஒரு வெட்டு சரியான இடத்தில் விழுந்தால் போதும்: ஊழியரின் மூல விவரத்தை மாற்றும் உரிமையைச் சம்பள அலுவலரிடமிருந்து எடுத்து மனிதவளத் துறைக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் கணக்கிடட்டும், யாருக்கு, எந்தக் கணக்குக்கு என்பதை அவரால் மாற்ற முடியாது. புதிய ஆளே தேவையில்லை.

அதையும் செய்ய முடியாத சிறு அலுவலகத்தில், சம்பளத்தோடு தொடர்பில்லாத ஒருவர் மாதம் ஒரு கணக்கைப் பார்க்கலாம். போன மாதம் 638 பேர், புதிதாகச் சேர்ந்தவர் 14, விலகியவர் 12, ஆக இந்த மாதம் 640. சேர்ந்தவர், விலகியவர் எண்ணிக்கை ஆலை மேலாளரிடமிருந்து நேரடியாக வர வேண்டும், சம்பளப் பிரிவின் வழியாக அல்ல. நான்கு எண் பொருந்தினால் பெயரில்லாத ஆள் உள்ளே நுழைந்திருப்பது கடினம். விலகல் தகவல் மறைந்திருந்தால் இங்கேயே இடிக்கும்.

ஓவர்டைம் பற்றியும் குறிப்பு இருந்ததே?

இருந்தது, ஆனால் சிறியது. சோதித்த 25 ஓவர்டைம் பதிவுகளில் 6-க்கு மேற்பார்வையாளரின் ஒப்புதல் சீட்டு இல்லை. ஆறு நேரக் கணக்குகளும் பஞ்ச் நேரத்தோடு பொருந்தின. ஆகவே இது சான்று வைக்காத பழக்கம். நிதித் தலைவருக்கான கடிதத்தில் இரண்டு வரி, குழுவுக்கான தொகுப்பில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே சுருதியில் எழுதினால் முக்கியமானது எது என்று யாருக்கும் தெரியாது.

வரைவைப் பார்த்துவிட்டு, ‘இதை நாங்கள் சரிசெய்துவிட்டோம், குறிப்பை எடுத்துவிடுங்கள்’ என்கிறார்கள். எடுக்கலாமா?

வரைவை முன்கூட்டியே காட்டுவது உண்மைகளைச் சரிபார்க்க. கணவன் மனைவி விஷயம் போல விவரம் தவறென்றால் திருத்த வேண்டியது நம் கடமை. ஆண்டு முழுவதும் இருந்த ஒரு முக்கியக் குறைபாட்டை ஏப்ரலில் சரிசெய்தார்கள் என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. குறிப்பு இருக்கும்; நிர்வாகத்தின் பதிலில் ‘ஏப்ரல் 12 முதல் மாற்றப்பட்டது’ என்று வரும். அந்த மாற்றத்தை நாங்கள் பார்த்தோமா இல்லையா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடலாம். இது நிதித் தலைவருக்கே நல்லது: குழுவின் முன் பிரச்சினையும் தீர்வும் ஒன்றாகப் போய்ச் சேரும்.

நிர்வாகத்தின் பதில் என்ற இடத்தில் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று எழுதினால் போதுமா?

ஆடிட்டர் தடுக்க முடியாது. அது நிர்வாகத்தின் இடம். ஆனால் அதைப் பதிலாக எண்ணிவிட வேண்டாம். நம் நிதித் தலைவர் முதலில் எழுதியது: ‘பரிந்துரை கவனத்தில் கொள்ளப்பட்டது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’ பேசிய பிறகு எழுதியது: ‘பஞ்ச் இல்லாத நாளுக்கான அமைப்பு ஜூன் சம்பளத்திலிருந்து மாற்றப்படும், பொறுப்பு மனிதவள மேலாளர். 88 விலகல்கள் ஜூலை 15-க்குள் சரிபார்க்கப்படும். ரூ.1,13,100-க்கு மூவருக்கும் கடிதம் அனுப்பப்படும்.’

இங்கே ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. நான்கு பேரில் இருவரிடம் ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது. திரும்ப வர வேண்டியது இருவரிடமிருந்துதான். ‘மூவர்’ எங்கிருந்து வந்தது? 88-ஐப் பார்க்கத் தொடங்கியபோது இன்னொருவர் அகப்பட்டாரா? அகப்பட்டார். தொகையும் மாறியது. பதிலையும் குறிப்பைப் போலவே வரிக்கு வரி படிக்க வேண்டும்.

எல்லாப் பரிந்துரையையும் ஏற்க வேண்டும் என்றும் இல்லை. ‘செலவுக்கு ஏற்ற பயன் இல்லை, இந்த இடரை ஏற்கிறோம்’ என்பதும் முறையான பதில்தான், காரணத்தோடும் அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் உள்ளவரின் பெயரோடும் வந்தால்.

தேடிக்கொண்டே போகும்போது உண்மையிலேயே மோசடி என்று தெரிந்தால்?

அங்கே இந்தக் கடிதம் நின்றுவிடுகிறது. வேறு பாதை தொடங்குகிறது. அதிகாரியோ ஊழியரோ கம்பெனிக்கு எதிராக மோசடி செய்திருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் கம்பெனிகள் சட்டத்தின் 143(12) பிரிவு பொருந்தும். தொகை ஒரு கோடி ரூபாய்க்குக் குறைவு என்றால், தெரிந்த 2 நாட்களுக்குள் தணிக்கைக் குழுவுக்கோ இயக்குநர் குழுவுக்கோ அறிக்கை போக வேண்டும். இயக்குநர் அறிக்கையிலும் அது வெளியிடப்படும். ஒரு கோடியும் அதற்கு மேலும் என்றால் குழுவிடம் 45 நாட்களுக்குள் பதில் கேட்டு, அது கிடைத்த 15 நாட்களுக்குள் மத்திய அரசுக்கு ஏடிடி-4 படிவத்தில் அனுப்ப வேண்டும். மேனேஜ்மென்ட் லெட்டரில் மூன்றாவது குறிப்பாக எழுதிவிட்டோமே என்று சொல்லித் தப்ப முடியாது. நம் கம்பெனியில் கூடுதலாகப் போன பணம் எல்லாம் விலகியவர்களின் சொந்தக் கணக்குக்கே போயிருந்தது, சம்பள அலுவலருக்கோ வேறு யாருக்கோ அல்ல என்று வங்கிச் சான்றுகளோடு பார்த்த பிறகுதான் அந்தப் பாதை தேவையில்லை என்று முடிவானது. அந்த முடிவும் அதற்கான காரணமும் பணித்தாளில் இருக்க வேண்டும்.

கடிதம் எப்போது கையில் கிடைக்கும்?

சீக்கிரம் கிடைப்பதே நல்லது. டோக்கன் விஷயம் போன்றவற்றை இடைக்காலத் தணிக்கையிலேயே வாய்வழியாகச் சொல்லிவிட வேண்டும், எழுத்து பின்னால் வரலாம். அறிக்கைத் தேதிக்குப் பிறகும் கடிதம் தரலாம். ஆனால் அது தணிக்கைக் கோப்பின் பகுதி, அந்தக் கோப்பை அறிக்கைத் தேதியிலிருந்து சாதாரணமாக 60 நாட்களுக்குள் கட்டி முடிக்க வேண்டும்.

போன ஆண்டு எழுதிய அதே குறிப்பு இந்த ஆண்டும் வந்தால்?

பழைய பத்தியை அப்படியே ஒட்டாமல், போன ஆண்டு பதிலில் சொன்ன தேதியையும் இன்று இருக்கும் நிலையையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். ‘ஜூன் சம்பளத்திலிருந்து மாற்றப்படும் என்று தெரிவிக்கப்பட்டது, டிசம்பர் சம்பளத்தில் சோதித்தபோது பஞ்ச் இல்லாத 41 நாட்கள் வேலை நாளாகவே கணக்கிடப்பட்டிருந்தன.’ காரணம் எதுவும் சொல்லாமல் ஒரு முக்கியக் குறைபாட்டைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால், அந்த அலட்சியமே தனியொரு முக்கியக் குறைபாடாகலாம். போன ஆண்டு சிறியது என்று நிதித் தலைவரோடு நிறுத்திய ஓவர்டைம் சீட்டு போன்றவற்றை மறுபடி எழுத வேண்டியதில்லை. நிர்வாகமும் குழுவும் மாறாமல் இருந்து, விஷயமும் அதே அளவில் இருந்தால், ஒரு வரியில் நினைவூட்டினால் போதும். நிதித் தலைவர் மாறியிருந்தால் முழுவதையும் எழுதுங்கள். புதிதாக வந்தவருக்குப் பழைய கடிதத்தை யாரும் எடுத்துக் காட்டியிருக்கமாட்டார்கள்.